நாலு வரி நிரூபணத்தில் விடுபட்ட வரிகள்

கேள்வி: "மைய எல்லைத் தேற்றத்துக்குப் புத்தகத்தில் நாலே வரியில் நிரூபணம் இருக்கிறது. சிறப்பியல்புச் சார்பை டெய்லர் தொடராக விரித்து, t²-க்கு மேல் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு, n-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் e^(−t²/2) வந்துவிடுகிறது. விட்டதெல்லாம் n தடவை பெருகும்போது ஏன் பெரிதாகிவிடவில்லை? மூன்றாம் மொமென்ட் இல்லாத பரவலுக்கு இது செல்லுமா?"

விட்ட பகுதி ஒவ்வொரு காரணியிலும் 1/n-ஐக் காட்டிலும் வேகமாகச் சுருங்குகிறது. அதனால்தான் n தடவை சேர்ந்த பிறகும் அது பூஜ்ஜியத்தை நோக்கியே போகிறது. மூன்றாம் மொமென்ட் தேவையில்லை, பரவற்படி முடிவுள்ளதாக இருந்தால் போதும். ஆனால் இவை இரண்டும் டெய்லர் தொடரைப் பார்த்த மாத்திரத்தில் கிடைத்துவிடுவதில்லை. நாலு வரி நிரூபணம் மூன்று இடங்களில் தாவுகிறது. எச்சம் சிறியது என்பது ஒன்று. கலப்பெண்ணை n-ஆம் அடுக்குக்கு உயர்த்தும்போது பிழை கட்டுக்குள் நிற்பது இன்னொன்று. சிறப்பியல்புச் சார்பு நெருங்கினால் பரவலும் நெருங்கும் என்பது மூன்றாவது. மூன்றையும் வரிசையாக நிரப்பிவிடலாம்.

முதலில் அமைப்பு. X₁, X₂, … என்பவை சார்பற்றவை, எல்லாவற்றுக்கும் ஒரே பரவல். சராசரி 0, பரவற்படி 1 என்று எடுத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்துக்கொள்ளலாம். Zₙ = (X₁ + … + Xₙ)/√n. சிறப்பியல்புச் சார்பு φ(t) = E[e^(itX)]. e^(itX)-இன் மட்டு மதிப்பு எப்போதும் 1 என்பதால், X எந்தப் பரவலாக இருந்தாலும் இந்த எதிர்பார்ப்பு இருக்கும். மொமென்ட்களை உருவாக்கும் சார்பான E[e^(tX)]-க்கு இந்த உத்தரவாதம் கிடையாது. பரவற்படி முடிவுள்ள பல பரவல்களுக்கு அது முடிவிலியாகிவிடும். i என்ற ஒரு எழுத்தைச் சேர்ப்பதற்கான காரணமே இதுதான். சார்பற்ற மாறிகளின் கூட்டல், சிறப்பியல்புச் சார்பில் பெருக்கலாக மாறுகிறது. ஆகவே Zₙ-இன் சிறப்பியல்புச் சார்பு:

φₙ(t) = [φ(t/√n)]ⁿ

இந்த வரியிலேயே தேற்றத்தின் உயிர் இருக்கிறது. t-ஐ நிலையாகப் பிடித்துக்கொண்டு n-ஐப் பெரிதாக்கினால், உள்ளே இருக்கும் t/√n பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. X-ஐப் பற்றி φ தாங்கியிருக்கும் தகவலில், t = 0-க்கு மிக அருகே உள்ளது மட்டுமே கணக்கில் வருகிறது. அங்கே φ-யின் மதிப்பு 1, சரிவு சராசரியைப் பொறுத்தது, வளைவு பரவற்படியைப் பொறுத்தது. சராசரி 0, பரவற்படி 1 என்று சமன்செய்துவிட்டதால், நாணயமோ பகடையோ காத்திருப்பு நேரமோ, எல்லாவற்றின் φ-யும் அந்த இடத்தில் ஒரே வளைவுதான்.

நாணயத்தை எடுத்துக்கொண்டால் கண்ணால் பார்த்துவிடலாம். X-க்கு +1, −1 என இரண்டு மதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு பாதி. அப்போது φ(t) = (e^(it) + e^(−it))/2 = cos t, ஆகவே φₙ(t) = [cos(t/√n)]ⁿ. t = 1 என்று வைத்துப் பாருங்கள். n = 4 எனில் cos 0.5-இன் நான்காம் அடுக்கு 0.5931. n = 25 எனில் 0.6045. n = 100 எனில் 0.6060. போய்ச் சேர வேண்டிய e^(−1/2)-இன் மதிப்பு 0.6065. cos-இன் விரிவில் t⁴ உறுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது 1/n² அளவில் இருக்கிறது. n தடவை சேர்ந்ததும் 1/n ஆகிவிடுகிறது. மடக்கையில் எழுதினால் n·ln cos(t/√n) = −t²/2 − t⁴/(12n) − … என்று தெளிவாகவே தெரியும்.

நாணயத்துக்கு எல்லா மொமென்ட்களும் உண்டு. அதனால் அது எளிய நிலை. மூன்றாம் மொமென்ட் இல்லாதபோது டெய்லர் தொடரில் t³ உறுப்பை எழுதவே முடியாது. "மிச்சம் o(t²)" என்று மட்டும்தான் சொல்ல முடியும், அதற்கும் காரணம் காட்ட வேண்டும். இங்கே φ-யை நேராக விரிக்காமல், எதிர்பார்ப்புக்குள் இருக்கும் e^(iy)-ஐ முதலில் விரிப்பதுதான் வழி. எந்த மெய்யெண் y-க்கும்,

|e^(iy) − 1 − iy + y²/2| ≤ min( |y|³/6, y² )

முதல் வரம்பு வழக்கமான டெய்லர் எச்சம். இரண்டாவது வரம்பு, |e^(iy) − 1 − iy| ≤ y²/2 என்பதோடு இன்னொரு y²/2-ஐக் கூட்டியதால் வந்தது. சிறிய y-க்கு முதல் வரம்பு நல்லது, பெரிய y-க்கு இரண்டாவது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில்தான் சூட்சுமம். முதலாவதை மட்டும் பயன்படுத்தினால் எதிர்பார்ப்பு எடுக்கும்போது E|X|³ கேட்கும், அது இல்லாவிட்டால் அங்கேயே நின்றுபோவீர்கள். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி பிறப்பது இங்கேதான்.

இப்போது y = tX/√n என்று வைத்து எதிர்பார்ப்பு எடுங்கள். 1 + iy − y²/2 என்ற பகுதி, சராசரி 0, பரவற்படி 1 என்பதால், 1 − t²/(2n) ஆகிறது. φ(t/√n)-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை n-ஆல் பெருக்கினால், அது பின்வருவதை மிஞ்சாது:

E[ min( |t|³|X|³/(6√n), t²X² ) ]

இது பூஜ்ஜியத்துக்குப் போகிறது என்று காட்ட, ஒரு பெரிய எண் K-ஐத் தேர்ந்து X-ஐ இரண்டாகப் பிரியுங்கள். |X| ≤ K என்ற பகுதியில் |X|³ ≤ K·X², ஆகவே அங்கே முதல் வரம்பு மொத்தமாக |t|³K/(6√n)-க்குள் அடங்கும். |X| > K என்ற பகுதியில் இரண்டாவது வரம்பைப் பயன்படுத்தினால், t² பெருக்கல் "K-க்கு வெளியே கிடக்கும் X²-இன் பங்கு" என்று வரும். பரவற்படி முடிவுள்ளது என்பதன் பொருளே, K-ஐப் பெரிதாக்கினால் அந்த வெளிப்பங்கு எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாகும் என்பதுதான். ஆகவே முதலில் K-ஐத் தேர்ந்து இரண்டாவது பகுதியைச் சிறிதாக்குங்கள். பிறகு அந்த K-க்கு ஏற்ப n-ஐப் பெரிதாக்கி முதல் பகுதியைச் சிறிதாக்குங்கள். இந்த வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் நிரூபணம் ஓடாது.

ஒரு குறிப்பிட்ட பரவலில் இதைச் சோதிக்கலாம். |x| ≥ 1-இல் அடர்த்தி (3/2)|x|⁻⁴, வேறு இடங்களில் 0. இதன் பரவற்படி 3. மூன்றாம் மொமென்ட்டுக்குத் தொகையிட்டால் 3/x-ஐ 1-இலிருந்து முடிவிலி வரை தொகையிட வேண்டும், அது விரிந்துபோகிறது. K-க்கு வெளியே கிடக்கும் X²-இன் பங்கு சரியாக 3/K. K = 100 என்றால் மொத்தப் பரவற்படி 3-இல் 0.03 மட்டுமே வெளியே, அதாவது நூறில் ஒரு பங்கு. மூன்றாம் மொமென்ட் இல்லாவிட்டாலும் தேற்றம் இங்கே முழுதாகச் செல்லும். வரலாற்றிலும் இந்தக் கேள்வி இதே போலத்தான் தீர்ந்தது. லியாபுனோவ் 1901-இல் சிறப்பியல்புச் சார்பைக் கொண்டு நிரூபித்தபோது, இரண்டுக்குச் சற்று மேற்பட்ட மொமென்ட் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. 1922-இல் லிண்டெபெர்க்தான் பரவற்படியே போதும் என்று காட்டினார். ஒரே பரவலாக இல்லாத மாறிகளுக்கு அவர் வைத்த நிபந்தனையும், மேலே பார்த்த "K-க்கு வெளியே கிடக்கும் பங்கு" என்ற அதே அளவைத்தான் கேட்கிறது.

அடுத்த தாவல், n-ஆம் அடுக்கு. ஒவ்வொரு காரணியிலும் பிழை சிறியது என்பது தெரிந்துவிட்டது. பெருக்கிய பிறகு? மட்டு மதிப்பு 1-ஐத் தாண்டாத z, w என்ற இரண்டு கலப்பெண்களுக்கு |zⁿ − wⁿ| ≤ n|z − w|. காரணம் எளிது. zⁿ-இல் ஒவ்வொரு z-ஆக எடுத்துவிட்டு w-ஐ வைத்துக்கொண்டே போனால் n படிகளில் wⁿ வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் வரும் மாற்றம், |z − w|-ஐ 1-க்கு மிஞ்சாத எண்களால் பெருக்கியது. ஆக பிழைகள் கூட்டலாகத்தான் சேருகின்றன, வட்டிக்கு வட்டி போலப் பெருகுவதில்லை. "n தடவை பெருகும்போது ஏன் பெரிதாகவில்லை" என்பதற்கு நேரான பதில் இதுதான். z = φ(t/√n), w = e^(−t²/(2n)) என்று வையுங்கள். இரண்டின் மட்டு மதிப்பும் 1-ஐத் தாண்டாது, wⁿ சரியாக e^(−t²/2). இவற்றுக்கு நடுவே 1 − t²/(2n) நிற்கிறது. w-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் n மடங்கில் t⁴/(8n)-ஐத் தாண்டாது. z-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மேலே பார்த்தாயிற்று. ஆகவே ஒவ்வொரு t-க்கும் φₙ(t) → e^(−t²/2). பல புத்தகங்கள் இங்கே மடக்கை எடுக்கின்றன. அதுவும் சரிதான், ஆனால் φ கலப்பெண்ணாக இருக்கும்போது மடக்கையின் எந்தக் கிளை என்ற கேள்வி எழும். மேலே சொன்ன வழியில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசித் தாவல்தான் பலர் கவனிக்காமல் கடந்துபோவது. e^(−t²/2) என்பது இயல்நிலைப் பரவலின் சிறப்பியல்புச் சார்பு. அடர்த்தியைப் பகுதி பகுதியாகத் தொகையிட்டால் φ′(t) = −tφ(t) என்று வரும், φ(0) = 1, ஆகவே விடை இதுதான். ஆனால் சிறப்பியல்புச் சார்புகள் நெருங்குவதால் நிகழ்தகவுகளும் நெருங்குமா? பொதுவாக இதற்கு லெவியின் தொடர்ச்சித் தேற்றத்தைச் சொல்வார்கள். நம் நிலையில் எல்லை என்ன என்பது முன்பே தெரிந்திருப்பதால், சுருக்கமாக இப்படிக் காட்டலாம். ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்கு வெளியே பூஜ்ஜியமாகிவிடும் வழவழப்பான g என்ற சார்பை g(x) = ∫ h(t) e^(itx) dt என்று எழுதலாம், |h|-இன் தொகை முடிவுள்ளது. இரு பக்கமும் எதிர்பார்ப்பு எடுத்தால் E[g(Zₙ)] = ∫ h(t) φₙ(t) dt. |φₙ| ≤ 1 என்பதால், எல்லையைத் தொகையின் உள்ளே கொண்டுபோவது லெபேக் தேற்றத்தின்படி செல்லும். ஆக E[g(Zₙ)] இயல்நிலைப் பரவலின் E[g(Z)]-ஐ நெருங்குகிறது. இனி a-க்கும் b-க்கும் இடையே 1, வெளியே 0 என்று செங்குத்தாக ஏறி இறங்கும் சார்பை, சற்றுச் சரிவான ஓரங்கள் கொண்ட இரண்டு g-க்களுக்கு நடுவே, ஒன்று மேலே ஒன்று கீழே என்று அடைத்துவிடுங்கள். இயல்நிலைப் பரவலில் எந்த ஒற்றைப் புள்ளிக்கும் தனி நிகழ்தகவு இல்லாததால், ஓரங்களை ஒடுக்க ஒடுக்க இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மறைகிறது. P(a < Zₙ ≤ b) இயல்நிலை மதிப்பை அடைந்துவிடும்.

பரவற்படி இல்லாவிட்டால் எங்கே உடைகிறது என்பதைக் கோஷிப் பரவல் காட்டிக்கொடுக்கும். அடர்த்தி 1/(π(1+x²)), சிறப்பியல்புச் சார்பு e^(−|t|). t = 0-இல் இதற்குக் கூரான முனை இருக்கிறது, வளைவே இல்லை. டெய்லர் விரிவு தொடங்கும் இடத்திலேயே வழி அடைபட்டுவிடுகிறது. √n-ஆல் வகுத்தால் φₙ(t) = e^(−√n|t|). t = 0-இல் 1, மற்ற எல்லா இடத்திலும் 0-க்குப் போகிறது. எல்லைச் சார்பு பூஜ்ஜியத்தில் தொடர்ச்சியற்றது, எனவே அது எந்தப் பரவலுக்கும் உரியதல்ல. நிகழ்தகவு முழுவதும் முடிவிலியை நோக்கி ஓடிவிட்டது என்பதன் அடையாளம் அது. லெவி தேற்றம் t = 0-இல் தொடர்ச்சி கேட்பது இதற்காகத்தான். n-ஆல் வகுத்தாலோ [e^(−|t|/n)]ⁿ = e^(−|t|), அதே கோஷி திரும்பி வருகிறது. ஆயிரம் அளவீடுகளின் சராசரி ஒற்றை அளவீட்டைவிடத் துளியும் நிலைத்தன்மை பெறுவதில்லை. கையில் உள்ள தரவு இப்படிப்பட்டதா என்று சந்தேகம் வந்தால், n கூடக் கூட மாதிரியின் பரவற்படி ஒரு மதிப்பில் நிலைக்கிறதா, அல்லது அவ்வப்போது ஒரே ஒரு பெரிய எண் வந்து அதைத் தூக்கிவிடுகிறதா என்று பாருங்கள். இது நிரூபணம் அல்ல, எச்சரிக்கை மட்டுமே. வாலின் கனத்தை எந்த முடிவுள்ள மாதிரியும் தீர்மானமாகச் சொல்லிவிடாது.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. ஆனால் இந்த நிரூபணம் எவ்வளவு n போதும் என்று சொல்வதில்லை. பரவற்படி மட்டும் தெரிந்தால் வேகத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. வேகம் வேண்டுமானால்தான் மூன்றாம் மொமென்ட் உள்ளே வருகிறது. 1941, 1942-இல் பெர்ரியும் எசீனும் தனித்தனியே நிரூபித்த வரம்பு, பரவல் சார்பிலுள்ள பிழை C·E|X|³/√n-ஐத் தாண்டாது என்கிறது. C 0.5-க்கும் கீழ் என்று இப்போது தெரியும். "n = 30 போதும்" என்று வகுப்பில் சொல்லப்படும் விதிக்கு இதில் எங்கும் ஆதாரம் இல்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. t = 1 அருகே φₙ எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும் வைத்து நிகழ்தகவின் பிழையை எடைபோட்டுவிடாதீர்கள். சராசரி 1 உள்ள அடுக்குக்குறிப் பரவலை (காத்திருப்பு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) எடுத்து, X-இலிருந்து 1-ஐக் கழித்தால், φₙ-இன் மடக்கை −t²/2 − it³/(3√n) + … என்று வரும். n = 100, t = 1 எனில் திருத்தம் 0.033 அளவு. நாணயத்துக்கு அதே இடத்தில் 0.0008 மட்டும்தான். நாணயம் பல மடங்கு நெருக்கம் என்றுதானே தோன்றும்? P(Zₙ ≤ 0)-ஐப் பாருங்கள். இயல்நிலை சொல்வது 0.5. n = 100-க்கு அடுக்குக்குறிப் பரவலின் உண்மையான மதிப்பு 0.513, நாணயத்துக்கோ 0.540. நாணயத்தின் பிழைதான் மூன்று மடங்கு பெரியது.

காரணம் பெரிய t-இல் ஒளிந்திருக்கிறது. நாணயத்துக்கு t = π√n என்ற இடத்தில், அதாவது n = 100 எனில் t = 31.4 அருகே, cos π = −1. அதன் நூறாம் அடுக்கு 1. இயல்நிலையின் e^(−t²/2) அங்கே பூஜ்ஜியம் என்றே சொல்லலாம். ஒவ்வொரு நிலையான t-க்கும் φₙ நெருங்குகிறது என்பது உண்மை, எல்லா t-க்கும் ஒரே சீராக நெருங்குகிறது என்பது உண்மையல்ல. அந்தத் தொலைதூர மேடுதான், நாணயத்தின் கூட்டுத்தொகை இரண்டு இரண்டாகத் தாவுகிறது என்ற செய்தியைத் தாங்கி நிற்கிறது. அடுக்குக்குறிப் பரவலில் |φ(s)| = 1/√(1+s²). s = π-இல் அது 0.303, நூறாம் அடுக்கில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முழு எண்களை எண்ணும் கணக்குகளில், இயல்நிலையைப் பயன்படுத்தும் முன் தாவலின் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். நூறு தடவை நாணயம் சுண்டினால் கூட்டுத்தொகை 0 அல்லது அதற்குக் கீழ் என்பதை 1 அல்லது அதற்குக் கீழ் என்று மாற்றி, 1/√100 = 0.1-க்கு இயல்நிலை அட்டவணையைப் பாருங்கள். 0.5398 என்று வரும், உண்மையான மதிப்பும் நான்கு தசமங்களில் 0.5398-தான்.